கடன் உள்ள வீட்டை வாங்கும்போது பணம் யார் கையில் இருக்க வேண்டும்?

பாளையங்கோட்டையில் வீட்டுப் பேரம் எப்படி நடக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தரகர் இரண்டு பக்கமும் பேசி விலையை முடிப்பார். அட்வான்ஸ் கைமாறும். மூன்று மாதத்தில் கிரயம் என்று எழுதிக்கொள்வார்கள். பெரும்பாலும் சொன்னபடி நடந்தும் விடும். நடக்காமல் போனவைதான் எங்களைப் போன்ற வக்கீல்களிடம் வருகின்றன, அதில் முக்கால்வாசி அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் வழக்குதான்.

சமீபத்தில் வந்த ஒரு பேரத்தை அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். பெருமாள்புரத்தில் ஒரு வீடு, விலை 46 லட்சம். விற்பவர் மும்பையில் வேலை பார்க்கிறார். வாங்குபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அம்பாசமுத்திரம் பக்கம் இருந்த வயலை விற்ற பணம் வைத்திருந்தார். வீட்டின் மேல் 14 லட்சம் கடன் பாக்கி, மூலப்பத்திரம் கடன் கொடுத்த வங்கியில்.

"கடனை அடைச்சாத்தான் பத்திரம் கைக்கு வரும் அண்ணாச்சி. நீங்க பணம் தந்தாத்தான் நான் கடனை அடைக்க முடியும்" என்றார் விற்பவர்.

"பத்திரத்தைக் கண்ணாலயே பார்க்காம அவ்வளவு பணத்தை எப்படிக் கொடுக்க?" என்றார் வாத்தியார்.

இரண்டு பேர் சொன்னதிலும் தப்பில்லை. இந்த மாதிரி முட்டிக்கொண்டு நிற்கும் இடத்துக்குத்தான் எஸ்க்ரோ. பணம் வாங்குபவர் கையிலும் இருக்காது, விற்பவர் கைக்கும் போகாது. வங்கியில் இதற்கென்றே திறந்த ஒரு கணக்கில் கிடக்கும். விற்பவர், வாங்குபவர், வங்கி மூவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எந்தக் காகிதம் வந்தால் எவ்வளவு பணத்தை யாருக்கு விடுவது என்று எழுதியிருக்கும். வங்கி அதன்படி மட்டும் நடக்கும்.

இந்தப் பேரத்தில் முதலில் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம்தான், ஆனாலும் வெறும் பத்திரத்தாளில் எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும், அதே வீட்டை இன்னொருவருக்கு விற்பது கஷ்டம். அப்புறம் வாத்தியார் 18 லட்சத்தை எஸ்க்ரோ கணக்கில் போட்டார். கடன் கொடுத்த வங்கியிடமிருந்து இன்ன தேதிக்கு இவ்வளவு பாக்கி என்ற கடிதம் வந்ததும், அதில் 14 லட்சம் நேராகக் கடன் கணக்குக்குப் போனது. விற்பவரின் சேமிப்புக் கணக்கைத் தொடவே இல்லை. மிச்சம் 4 லட்சம் அங்கேயே நின்றது.

கடன் அடைந்தால் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தாமதம் என்றால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரம் வந்துவிட்டது என்று அதோடு நிம்மதியாகி விடக்கூடாது. கடன் வாங்கும்போது உரிமை ஆவண ஒப்படைப்பு என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள். கடன் தீர்ந்தது என்று அதற்கு ரசீது ஆவணம் பதியாத வரை வில்லங்கச் சான்றில் கடன் நின்றுகொண்டே இருக்கும். அந்த ரசீதைப் பதிந்து, புதிதாக வில்லங்கம் போட்டுப் பார்த்த பிறகுதான் வாத்தியார் பாக்கி 28 லட்சத்தையும் எஸ்க்ரோவில் கட்டினார். கிரயம் பதிந்து ஆவண எண் விழுந்த பிறகு 32 லட்சமும் விற்பவரின் மும்பைக் கணக்குக்குப் போனது. விற்பவருக்காகப் பவர் வாங்கிக் கையெழுத்துப் போட்ட அவருடைய தம்பிக்கு, பணம் தன் கணக்குக்கு வரவில்லையே என்று கொஞ்சம் மனத்தாங்கல். பவர் கொடுத்தவர் பெயரில்தான் பணம் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன்.

விற்பவருக்கு இதில் என்ன லாபம்? பதிவு அலுவலகத்தில் கைரேகை வைத்த பிறகு "பணம் நாளைக்கு ஏறிடும்" என்று சொல்லும் ஆளிடம் மாட்ட வேண்டியதில்லை. கையெழுத்துக்கு முன்பே முழுப் பணமும் கணக்கில் இருப்பதை வங்கி எழுத்தில் தந்துவிடும், வாங்குபவரால் தனியாக அதை உருவ முடியாது. இதைவிடப் பெரிய பயம் ஒன்று விற்பவர்களுக்கு உண்டு. ஒப்பந்தத்தைப் பதிந்துவிட்டு வாங்குபவர் காணாமல் போனால், வில்லங்கத்தில் அவர் பெயர் கிடக்கும். ரத்து ஆவணம் பதிய அவரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். வரமாட்டார். அதுவரை வீட்டை வேறு யாரும் தொடமாட்டார்கள். அதனால், வாங்குபவர் விலகினால் 4 லட்சத்தில் 1 லட்சம் விற்பவருக்கு, மிச்சம் வாங்குபவருக்கு, ஆனால் ரத்து ஆவணம் பதிந்த நகல் வங்கிக்கு வந்த பிறகே என்று எழுதினோம். தன் பணம் அங்கே மாட்டியிருக்கும்போது வாங்குபவர் கையெழுத்துப் போட ஓடி வருவார்.

இனி இதன் ஓட்டைகள். கடன் கணக்குக்குப் போன 14 லட்சத்துக்கு அதற்கு மேல் எஸ்க்ரோ காவல் கிடையாது. பேரம் முறிந்தால் அது விற்பவர் திருப்பித் தர வேண்டிய பணம். 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, விற்பவரால் முறிந்த பேரத்தில் முன்கூட்டிக் கொடுத்த தொகைக்கு வீட்டின் மேல் வாங்குபவருக்கு ஒரு பற்றுரிமை, அதாவது அந்த வீட்டிலிருந்தே வசூலித்துக்கொள்ளும் உரிமை, தருகிறது. ஆனால் அதை வசூலிக்க நீதிமன்றம்தான் போக வேண்டும். எனவே அந்தத் தொகை திரும்பும் அன்றைக்கே ரத்து ஆவணம் பதிய வேண்டும் என்றும் சேர்த்தோம்.

இன்னொன்று, வங்கி பத்திரத்தின் குறை நிறையைப் பார்க்காது. வாரிசு விட்டுப்போயிருக்கிறதா, பட்டா அளவு சரியா என்பதெல்லாம் உங்கள் வக்கீல் வேலை. "வில்லங்கம் திருப்தியாக இருந்தால் பணத்தை விடவும்" என்று எழுதினால் வங்கி யாருடைய திருப்தியைப் பார்க்கும்? "பதிவான கிரயப் பத்திர நகல் தந்தால்" என்று கண்ணால் பார்க்கக்கூடிய காகிதமாக எழுத வேண்டும். கடைசித் தேதியும் போட வேண்டும். சண்டை வந்தால் இருவரும் சேர்ந்து கடிதம் தரும்வரை, அல்லது நீதிமன்ற உத்தரவு வரும்வரை பணம் உறைந்துதான் கிடக்கும்.

எஸ்க்ரோ வேண்டாம் என்பவர்கள் வங்கிக் கட்டணத்தைக் காரணம் காட்டுவார்கள். வாயால் சொல்லாத காரணம் பெரும்பாலும் வேறு: பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை. ரொக்கமாகத் தரும் பங்கு எந்த எஸ்க்ரோவிலும் ஏறாது, முறிந்தால் அதை நிரூபிக்கவும் முடியாது. சொத்துப் பேரத்தில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வருமான வரித் துறை அதே அளவு அபராதம் போடலாம்.

சின்னப் பேரத்துக்கு வங்கிகள் எஸ்க்ரோ திறக்கத் தயங்கும். அப்போது தரகர் அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொள்கிறேன் என்பார். அது எஸ்க்ரோ இல்லை. அதைவிட விற்பவர் பெயருக்கு வங்கி வரைவோலை எடுத்து, பதிவு நாளில் கொடுப்பது மேல். அது மூன்று மாதம் செல்லும்.

ஆன்லைனில் பழைய கேமராவோ டிராக்டரோ வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. முன்பின் தெரியாத விற்பவரே ஒரு எஸ்க்ரோ தளத்தின் லிங்க்கை அனுப்பி, இதில்தான் கட்ட வேண்டும் என்றால் நிறுத்துங்கள். பூட்டுப் படமும் அழகான முகப்பும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். பணம் போகும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தனி ஆள் பெயரோ, யாரோ ஒருவரின் யுபிஐ ஐடியோ வந்தால் அது மோசடி. தளத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள், முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். "உங்கள் பணம் வந்துவிட்டது, எடுத்துக்கொள்ள பின் போடுங்கள்" என்று விற்கிறவர்களையும் ஏமாற்றுகிறார்கள். பணம் வருவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் கேட்காது. கட்டிவிட்டுத்தான் சந்தேகம் வந்தது என்றால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியலாம். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி இருக்கும்.