டபுள் பாட்டம் 90% ஜெயிக்குமா?

(நாகர்கோவிலில் ஒரு கல்லூரி முதலீட்டு மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மக்களே, உள்ளே வரும்போதே ஒரு மாணவி கேட்டுவிட்டார்: "சார், டபுள் பாட்டம் வந்தால் 90% ஜெயிக்கும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்களே, நிஜமா?" இன்றைக்கு இந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

டபுள் பாட்டம் என்ற சார்ட் பேட்டர்ன் உங்களுக்குத் தெரியும். விலை இரண்டு முறை ஏறக்குறைய ஒரே இடத்துக்கு இறங்கி, W போல எழும்பும். நடு முகட்டைத் தாண்டினால் வாங்கு என்பார்கள். சரி, 90% வெற்றிதானே வேண்டும்? சார்ட்டைத் திறக்காமலே தருகிறேன்.

ஒரு பங்கு 500 ரூபாயில் இருக்கிறது. அது ஏறவும் இறங்கவும் சம வாய்ப்பு, நாணயத்தைச் சுண்டிவிடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 510-க்கு ஏறினால் லாபத்தோடு விற்கிறோம், அது டார்கெட். 410-க்கு இறங்கினால் நஷ்டத்தோடு விற்கிறோம், அது ஸ்டாப்லாஸ். இரண்டில் ஒன்றைத் தொடும்வரை காத்திருக்கிறோம். சமமான ஆட்டத்தில் சராசரி லாபம் பூஜ்யமாகத்தான் இருக்க முடியும். வெல்லும் வாய்ப்பு p என்றால், p × 10 = (1 − p) × 90. கணக்குப் போட்டால் p = 0.9. பத்தில் ஒன்பது முறை ஜெயிப்பீர்கள், 90 ரூபாய் சேரும். பத்தாவது முறை அந்த 90-ம் மொத்தமாகப் போகும். வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. ஸ்டாப்லாஸ் எங்கே என்பதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். வெற்றி விகிதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தைத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தக் கணக்கு எத்தனை முறை போட்டாலும் அலுக்காது.

"விலை என்ன நாணயமா சார்?" என்று கேட்பீர்கள். முழுக்க அல்ல, ஆனால் ஆச்சரியப்படும் அளவுக்கு நெருக்கம். காரணத்தைத் தோவாளைப் பூச்சந்தையில் பார்க்கலாம். முகூர்த்த நாளில் பிச்சிப்பூ விலை ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் ஏறுகிறது. ஏனென்றால் நாலு நாள் முன்பே மலிவாக வாங்கி வைக்க முடியாது, வாடிவிடும். பங்கு வாடாது. அடுத்த வாரம் ஏறும் என்று பத்துப் பேருக்குத் தெரிந்தால் இன்றே வாங்குவார்கள். இன்றே விலை ஏறிவிடும். தெரிந்த செய்தி விலைக்குள் போய்விட்டது, மிச்சம் இருப்பது தெரியாத செய்தி. அது எந்தப் பக்கமும் தள்ளும்.

இப்போது ஒழுங்கான டிரேடு ஒன்று. 500-ல் வாங்கி, டார்கெட் 520, ஸ்டாப்லாஸ் 490. அதே சமன்பாட்டில் வெல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று, அதாவது 33.3%. வாங்கிய அன்றே விற்காமல் டெலிவரி எடுத்தால் வாங்கும்போதும் விற்கும்போதும் 0.1% எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, அதுவே சுமார் ஒரு ரூபாய். லாபம் 19, நஷ்டம் 11 ஆகிறது. நட்டமில்லாமல் தப்பிக்கவே 36.7% வெற்றி வேண்டும். உங்கள் பேட்டர்ன் பார்க்க வேண்டிய வேலை இந்த 3.4 புள்ளி இடைவெளியைத் தாண்டுவதுதான்.

தாண்டியதா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். வெறும் அதிர்ஷ்டத்தில் இந்த மாதிரி 20 டிரேடு போட்டால் சராசரியாகச் சுமார் ஏழு வெற்றி கிடைக்கும். ஆனால் ஒன்பதோ அதற்கு மேலோ கிடைக்க ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. இந்த அறையில் 50 பேர் இருந்தால், ஒன்றும் தெரியாமலே சுமார் பத்துப் பேர் 45% வெற்றியோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்கள். அதில் ஒருவர் சேனல் தொடங்குவார்! நிஜமாகவே 40% ஜெயிக்கும் முறையை 33%-லிருந்து ஓரளவு நம்பிக்கையோடு பிரித்துப் பார்க்க சுமார் 200 டிரேடு வேண்டும். அதுவும் டார்கெட்டையும் ஸ்டாப்லாஸையும் வாங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். முடிந்தபின் சார்ட்டைப் பார்த்தால் எல்லா W-வும் அழகாகத்தான் தெரியும். பாதியில் உடைந்தவை கண்ணில் படாது.

ராகு காலம் பார்ப்பவரைக் கிண்டல் செய்யும் பையன், சார்ட்டில் 'ஹேமர்' என்ற மெழுகுவர்த்தி வடிவம் வந்தது என்று கடன் வாங்கி ஆப்ஷனில் போடுகிறான். எனக்கு இரண்டும் ஒரே நம்பிக்கையாகத்தான் படுகிறது.

அப்படியானால் பேட்டர்ன் எல்லாம் வெறும் கதையா? அதுவும் இல்லை. நிதியியல் பேராசிரியர் ஆண்ட்ரூ லோவும் இரு சக ஆய்வாளர்களும் 1962 முதல் 1996 வரையிலான அமெரிக்கப் பங்கு விலைகளைக் கணினியில் அலசி, 2000-ல் முடிவை வெளியிட்டார்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல், பேட்டர்னுக்குக் கணித வரையறை கொடுத்துத் தேடினார்கள். சில பேட்டர்ன்களுக்குப் பிறகு வரும் ஏற்ற இறக்கம், மற்ற நாட்களிலிருந்து சற்று வேறுபட்டது. அதாவது நாணயம் கொஞ்சம் கோணலாக இருக்கலாம். அதை வைத்துச் செலவு போக லாபம் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லவில்லை.

இன்னொன்று. 490-ல் ஸ்டாப்லாஸ் போட்டால் 490-ல் விற்றுவிடும் என்று நினைக்காதீர்கள். இரவில் கெட்ட செய்தி வந்து காலையில் பங்கு 470-ல் திறந்தால், உங்களுக்குக் கிடைப்பது 470-தான், நஷ்டம் 30. தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4 அன்று நிஃப்டி ஒரே நாளில் கிட்டத்தட்ட 6% விழுந்தது. 33.3% என்று போட்ட கணக்கில் இப்படி ஒரு நாளுக்கு இடமே இல்லை.