வலி தாமதமாக வரும் ஆசிட்: ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் ஒரு விரல் நுனியும்

சென்னையில் புதிதாக எழும் அடுக்குமாடிகளில் மாடிப்படிக் கைப்பிடி என்றால் இப்போது பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். வெல்டிங் முடிந்ததும் மூட்டைச் சுற்றி நீலமும் பழுப்புமாக ஒரு கருகல் நிற்கும். அழகுக்காக மட்டும் அதை எடுப்பதில்லை. கருகலுக்கு அடியில் உலோகத்தில் குரோமியம் குறைந்துபோயிருக்கும், கடற்காற்று படும்போது அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். அதனால் பிக்ளிங் பேஸ்ட்டைப் பிரஷ்ஷால் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் கழுவுகிறார்கள். பேஸ்ட்டில் பெரும்பாலும் நைட்ரிக் ஆசிட் இருக்கும். கூடவே சில சதவீதம் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட், அதாவது HF, இருக்கும். கெட்டியான குரோமியம் ஆக்சைடை நைட்ரிக் மட்டும் தனியாகக் கரைக்காது, அதற்கு ஃப்ளூரைடு வேண்டும்.

துணியில் விழுந்த துருக்கறையை எடுக்கும் சில திரவங்களிலும் இதே HF உண்டு. கண்ணாடியில் பூவேலை செய்யும் எச்சிங் கிரீம்களில் வழக்கமாக அம்மோனியம் பைஃப்ளூரைடு இருக்கும். அது ஈரத்தில் கரைந்ததும் HF-ஐத் தரும், எனவே இங்கே சொல்லும் எல்லாம் அதற்கும் பொருந்தும். டப்பாவின் முன்பக்கம் 'ரஸ்ட் ரிமூவர்' என்று மட்டும் போட்டிருக்கலாம். பொருட்பட்டியலில் 7664-39-3 என்ற எண் இருந்தால் அது HF, 1341-49-7 என்றால் பைஃப்ளூரைடு. பட்டியலே இல்லாத டப்பாவை வாங்காமல் இருப்பது நல்லது.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கையாண்டு பழகியவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கும்: ஆசிட் பட்டால் எரியும், எரிந்தால் கழுவிக்கொள்ளலாம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு அது ஓரளவு சரி. HF விஷயத்தில் அந்த நம்பிக்கைதான் ஆளைக் கவிழ்க்கிறது.

வேதியியல் கணக்குப்படி HF ஒரு வலிமை குறைந்த அமிலம். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் தண்ணீரில் முழுக்க அயனிகளாகப் பிரிந்துவிடும். மின்னூட்டம் உள்ள அயனிகளுக்குத் தோலின் கொழுப்புப் படலத்தைத் தாண்டுவது கடினம், மேற்பரப்பைத்தான் சுடும், அதனால் உடனே தெரிந்துவிடும். 5 சதவீத HF கரைசலிலோ 100 மூலக்கூறுகளில் ஓரிரண்டுதான் பிரிகின்றன. மற்றவை மின்னூட்டம் இல்லாத சிறிய மூலக்கூறுகளாகத் தோலுக்குள் நழுவி இறங்குகின்றன. மேலே பெரிய காயம் தெரியாது. உள்ளே போனபின்தான் அவை பிரிந்து ஃப்ளூரைடு அயனியை விடுகின்றன.

ஃப்ளூரைடுக்குக் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் கண்டால் விடாது. பிடித்துக் கரையாத உப்பாக மாற்றிவிடும். கால்சியத்தை இழந்த செல்கள் சாகின்றன, பொட்டாசியம் வெளியே கசிகிறது, நரம்பு முனைகள் தூண்டப்படுகின்றன. பார்க்க லேசாகச் சிவந்த விரலாக இருக்கும், வலியோ தாங்க முடியாததாக இருக்கும். பிடிக்க இன்னும் கால்சியம் இருக்கும்வரை ஃப்ளூரைடு எலும்புவரை இறங்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஃப்ளூரைடு சேர்ந்து ஒரு கால்சியத்தைப் பிடிக்கும். அணு எடைகளைப் பார்த்தால் 40 கிராம் HF 40 கிராம் கால்சியத்தைக் கட்டிப்போடும், கிராமுக்குக் கிராம். வளர்ந்த ஒருவரின் ரத்தத்திலும் திசுத் திரவத்திலும் இருக்கும் கால்சியம் மொத்தமே சுமார் 1 கிராம்தான். எலும்பில் கிட்டத்தட்ட 1 கிலோ இருக்கிறது, ஆனால் நினைத்த மாத்திரத்தில் அது வெளியே வராது. 20 கிராம் 5 சதவீதப் பேஸ்ட்டில் 1 கிராம் HF இருக்கிறது. அவ்வளவும் தோலுக்குள் போகாது என்பது உண்மை. அடர்த்தியான ஆசிட் என்றால் கதை வேறு. 1994இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஓர் ஆய்வக ஊழியரின் தொடையில் 70 சதவீத HF கொட்டியது. உடலில் 9 சதவீதப் பரப்பில்தான் காயம், ஆனாலும் 15ஆம் நாள் இறந்துபோனார். இப்படி இறப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் புண் இல்லை, கால்சியம் சரிந்து பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தாறுமாறாவதுதான்.

ஃப்ளூரைடின் இன்னொரு பிரியம் சிலிக்கான். கண்ணாடியில் வேலை செய்வது இதுதான்: HF சிலிக்காவைத் தின்று சிலிக்கான் டெட்ராஃப்ளூரைடு என்ற வாயுவாகவும் ஃப்ளூரோசிலிசிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எனவே கண்ணாடிப் பாட்டில், பீங்கான் கிண்ணம், டைல்ஸ் எதுவும் ஆகாது. சிமென்ட் தரையும் அரிக்கும். இரும்பு, அலுமினியம் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும், மூடிய பாத்திரமாக இருந்தால் வெடிக்கும். கெட்டியான பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன், டெஃப்லான் ஆகியவை தாங்கும். இருந்தாலும் வந்த டப்பாவை விட்டு வேறு எதிலும் மாற்றாதீர்கள், அதிலும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது.

கையுறை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய நைட்ரைல், லேடெக்ஸ் கையுறைகள் ஒரு தெறிப்பைச் சில நிமிடம் தடுக்கலாம், அதற்குமேல் நம்பக் கூடாது. வெல்டரின் தோல் கையுறை அதைவிட மோசம், ஆசிட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கையோடு ஒட்டவைக்கும். மணிக்கட்டைத் தாண்டி வரும் கனமான நியோப்ரீன் அல்லது பியூட்டைல் கையுறை வேண்டும். போடுவதற்கு முன் காற்றடைத்து ஊசித்துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகத்துக்குப் பிளாஸ்டிக் ஷீல்டு, உடம்புக்கு பிளாஸ்டிக் ஏப்ரன். மே மாதச் சென்னையில் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பது கொடுமைதான், ஆனால் கழற்றிவிட்டுப் பார்க்கும் வேலை இது கிடையாது. வெயிலுக்கு இன்னொரு பங்கும் உண்டு. தண்ணீர் கலக்காத தூய HF 19.5 டிகிரியிலேயே கொதித்துவிடும், நம் ஊரில் அது வாயுதான். கரைசலிலிருந்தும் சூடு கூடக் கூட ஆவி கூடும். ஆகவே திறந்த வெளியில் அல்லது காற்றை வெளியே தள்ளும் வசதியுள்ள இடத்தில்தான் தடவ வேண்டும்.

தரையில் சிந்தினால் கை தானாக மணலைத் தேடும். மணல் சிலிக்காதான், HF அதோடு வினைபுரிந்து நச்சு வாயுவை விடும். சோடா உப்பும் பாதி வேலைதான் செய்யும்: புளிப்பை முறிக்கும், ஃப்ளூரைடோ சோடியம் ஃப்ளூரைடாகக் கரைந்தே நிற்கும். கால்சியம் உள்ள பொருள்தான் வேண்டும். சுண்ணாம்புக்கல் தூள் அல்லது நீர்த்த சுண்ணாம்பைத் தூவினால் கரையாத கால்சியம் ஃப்ளூரைடாக அடங்கும். இது தரைக்கு மட்டும். தோலில் சுண்ணாம்பு தடவினால் அதுவே தனியாகச் சுடும்.

இப்போது அந்தக் கைப்பிடிக்கே வருவோம். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் மாலை நான்கு மணிக்குப் பேஸ்ட் தடவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையுறையின் ஆள்காட்டி விரலில் ஒரு துளை. ஈரம் படுகிறது, வியர்வை என்று நினைத்து விட்டுவிடுகிறார். 50 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி என்றால் உடனே வலித்திருக்கும். 20 முதல் 50 வரை என்றால் ஒரு மணியிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். அதற்கும் கீழே 24 மணி நேரம்கூட ஆகலாம். இவருக்கு இரவு பதினொரு மணிக்கு நகத்துக்கடியில் துடிக்க ஆரம்பிக்கிறது. விரல் நுனி கொஞ்சம் வெளிறி, சாம்பல் பூத்தது போல இருக்கிறது. வலி மாத்திரை போட்டும் கேட்கவில்லை. மாலையில் தடவிய பேஸ்ட்டோடு இதை முடிச்சுப்போட அவருக்குத் தோன்றாது, அதுதான் ஆபத்து. HF கையாண்ட அன்றோ மறுநாளோ, காயத்துக்குப் பொருந்தாத வலி வந்தால் அது HF என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஈரம் பட்டது அப்போதே தெரிந்திருந்தால்? வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும். கையுறை, நனைந்த சட்டை, வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் தண்ணீருக்கு அடியில் இருக்கும்போதே கழற்ற வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையில் இருந்தால் ஐந்து நிமிடம் கழுவினால் போதும், மீதி நேரம் ஜெல்லுக்கு. இல்லையென்றால் குறைந்தது 15 நிமிடம், ஜெல்லோ ஆம்புலன்ஸோ வரும்வரை கழுவிக்கொண்டே இருக்கலாம்.

ஜெல்லின் வேலை எளிது. ஃப்ளூரைடு உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கும் முன் வெளியிலிருந்து வேறு கால்சியத்தைக் கொடுத்து மடக்குவது. 2.5 சதவீத ஜெல்லைத் தாராளமாகத் தடவி, விடாமல் தேய்க்க வேண்டும். காய்ந்தால் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவ வேண்டும். வலி அடங்கிய பிறகும் 15 நிமிடம் தொடர வேண்டும். தேய்த்துவிடுகிறவரும் கையுறை போட்டிருக்க வேண்டும். விரல் என்றால் ஒரு சர்ஜிகல் கையுறைக்குள் ஜெல்லை நிரப்பிக் கையை உள்ளே விட்டுவிடலாம். மரத்துப்போகும் மருந்து எதையும் தடவக் கூடாது. ஃப்ளூரைடு இன்னும் வேலை செய்கிறதா என்று காட்டும் ஒரே மீட்டர் அந்த வலிதான்.

ஆயத்த ஜெல் கிடைக்காத இடத்திலும் பட்டறையில் தயார் செய்து வைக்க முடியும். 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் ஊசி மருந்து 10 மில்லி ஆம்பூலாக வருகிறது. ஒரு ஆம்பூலை 30 மில்லி, தண்ணீரில் கரையும் லூப்ரிகன்ட் ஜெல்லியில் கலந்தால் 40 மில்லியில் 1 கிராம், சரியாக 2.5 சதவீதம். ஆம்பூலும் ஜெல்லியும் பேஸ்ட் டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், கலப்பது அவசரம் வந்தபின் ஒரு நிமிட வேலை. பேஸ்ட் வாங்குவதற்கு முன்பே இவற்றை வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

கண்ணில் பட்டால் இந்த ஜெல் கூடாது. இமையைத் திறந்து பிடித்துத் தண்ணீரில் கழுவிக்கொண்டே 108க்குச் சொல்ல வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஆவியை இழுத்தவருக்கு அப்போது ஒன்றும் இல்லை போலத் தெரிந்தாலும் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம், அவரையும் அழைத்துப்போக வேண்டும்.

விரலோ தொடையோ, மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், வழியெல்லாம் ஜெல் தேய்த்துக்கொண்டே. சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் 'ஆசிட் பட்டுவிட்டது' என்று மட்டும் சொன்னால் சாதாரண ஆசிட் புண்ணாகக் கருதி மருந்து கட்டி அனுப்பிவிடக்கூடும். 'ஹைட்ரோஃப்ளூரிக்' என்ற பெயரையும், எத்தனை சதவீதம், எத்தனை மணிக்குப் பட்டது என்பதையும் சொல்லி, டப்பாவின் லேபிளைப் போனில் படம் எடுத்துக் காட்ட வேண்டும். ஜெல்லுக்கு அடங்காத விரல் வலிக்கு அங்கே கையின் தமனி வழியாகவே கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்ற முடியும். காயம் உள்ளங்கையைவிடப் பெரியதாக இருந்தாலோ, ஆசிட் அடர்த்தியானதாக இருந்தாலோ, வலி குறைந்திருந்தாலும் ஈசிஜி மாட்டி ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் மூன்றையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.