பணப்புழக்க அறிக்கையில் தொகை இடம் மாறியிருந்தால் கண்டுபிடிப்பது எப்படி?

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு அரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். விவசாயிகள் பலர் பங்கு போட்டு நடத்தும் பப்ளிக் லிமிடெட் கம்பெனி. ஆண்டுக் கணக்கு பொதுக்குழுவுக்கு வரப்போகிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 136-இன்படி, தணிக்கை முடிந்த கணக்கின் நகல் கூட்டத்துக்கு 21 நாள் முன்னதாகவே பங்குதாரர்களுக்குக் கிடைக்க வேண்டும். அதில் பேலன்ஸ் ஷீட், லாப நட்டக் கணக்கு இவற்றோடு பணப்புழக்க அறிக்கையும் சேர்ந்தது என்கிறது பிரிவு 2(40). ஒரு நபர் கம்பெனி, சிறு கம்பெனி, செயலற்ற கம்பெனி, ஸ்டார்ட்அப்பாக அங்கீகாரம் பெற்ற பிரைவேட் கம்பெனி இவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. பப்ளிக் லிமிடெட் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சட்டப்படி 'சிறு கம்பெனி' ஆகாது. அதனால் நம் ஆலைக்கு விலக்கு இல்லை.

அறிக்கையை எப்படித் தயாரிப்பது என்பதை ஏ.எஸ். 3 என்கிற கணக்கியல் தரநிலை சொல்கிறது. அந்த ஆண்டு வந்துபோன பணத்தை மூன்று தலைப்பில் பிரிக்க வேண்டும். நெல் வாங்கி அரிசி விற்பதில் வந்துபோனது செயல்பாடு. மெஷின், கட்டடம், டெபாசிட் இவற்றில் போட்டு எடுத்தது முதலீடு. கடன், பங்குப் பணம் வழியாக வந்துபோனது நிதி.

பலர் செய்யும் சோதனை ஒன்றுதான். கடைசி வரியில் உள்ள இருப்பு பேலன்ஸ் ஷீட்டில் உள்ள ரொக்கம், வங்கி இருப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போனால் அறிக்கை சரி என்று மூடிவைத்துவிடுவார்கள். ஒரு தொகை செயல்பாட்டுக்குப் பதில் முதலீட்டில் போய் உட்கார்ந்தாலும் கூட்டுத்தொகை மாறவே மாறாது. அதனால் இந்தச் சோதனையில் தலைப்பு மாறிய பிழை சிக்காது.

ஆலையின் வரைவு இதோ. எல்லாம் லட்சத்தில். செயல்பாட்டில் வந்தது 31, முதலீட்டில் போனது 37, நிதியில் வந்தது 22. நிகரமாகப் பணம் 16 கூடியிருக்கிறது. தொடக்க இருப்பு 5, கடைசி இருப்பு 21. பேலன்ஸ் ஷீட்டிலும் 21 தான். பார்வைக்குக் குறையில்லை.

இப்போது பேலன்ஸ் ஷீட்டின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, போன வருடத்திலிருந்து இந்த வருடத்துக்கு ஏன் நகர்ந்தது என்று கேட்க வேண்டும். நிலைச் சொத்தில் தொடங்குவது நல்லது. அதிகப் பிழை ஒளிந்திருப்பது அங்கேதான். தொடக்கத்தில் 120, முடிவில் 146. தேய்மானம் 14. பழைய பாய்லர் ஒன்றை விற்றிருக்கிறார்கள். அதன் புத்தக மதிப்பு 6, விற்ற விலை 9. அப்படியானால் புதிதாக வாங்கியது எவ்வளவு? 120-இல் 14-உம் 6-உம் கழித்தால் 100. அது 146 ஆக வேண்டுமென்றால் 46-க்கு வாங்கியிருக்க வேண்டும். சொத்துப் பதிவேட்டைப் பார்த்தால், கருப்பரிசி பிரிக்கும் கலர் சார்ட்டரும் அதோடு வந்த சாமான்களும் சேர்த்து 46 சரியாக இருக்கிறது.

ஆனால் 46-உம் ரொக்கமாகக் கொடுத்ததா? கடனீந்தோர் பட்டியலைப் பெயர் பெயராகப் பார்த்தால் மெஷின் சப்ளையருக்கு இன்னும் 10 பாக்கி. அந்த ஆண்டு மெஷினுக்குக் கையை விட்டுப் போனது 36 மட்டுமே. வரைவில் 46 முழுவதையும் முதலீட்டுச் செலவாகப் போட்டு, பாய்லரில் வந்த 9 கழித்து 37 என்று காட்டிவிட்டு, கடனீந்தோர் கூடிய 14-ஐ மொத்தமாகச் செயல்பாட்டில் வரவாகச் சேர்த்திருக்கிறார்கள். நெல் கொடுத்தவர்களுக்கான பாக்கி கூடியது 4 தான். மெஷின் பாக்கியான 10, நெல் வியாபாரத்தில் வந்த பணம்போல வேஷம் போட்டு நிற்கிறது.

அடுத்து வட்டி. டேர்ம் லோனுக்குக் கட்டிய வட்டி 8. வங்கி, நிதி நிறுவனம் அல்லாத கம்பெனி கட்டும் வட்டி நிதித் தலைப்பில் வர வேண்டும் என்று ஏ.எஸ். 3 திட்டமாகச் சொல்கிறது. லாபத்தைக் கணக்கிடும்போது வட்டி கழிக்கப்பட்டிருக்கும். அதைத் திரும்பக் கூட்டிவிட்டு, நிதியில் செலவாகக் காட்ட வேண்டும். வரைவில் அந்தத் திரும்பக் கூட்டலே இல்லை. லாப நட்டக் கணக்கில் 'நிதிச் செலவு' என்று ஒரு வரி இருந்து, பணப்புழக்க அறிக்கையில் அதன் சுவடே இல்லையென்றால் உடனே சந்தேகப்படலாம்.

மூன்றாவது, வைப்புத்தொகை. மார்ச்சில் 15 லட்சத்தை 12 மாத எஃப்.டி.யில் போட்டிருக்கிறார்கள். போட்ட நாளிலிருந்து மூன்று மாதம் அல்லது அதற்குள் முதிர்வதைத்தான் பொதுவாக ரொக்கத்துக்கு நிகராகக் கொள்ளலாம். 12 மாத டெபாசிட்டில் மார்ச் 31 அன்று இரண்டே மாதம் பாக்கி இருந்தாலும் அது ரொக்கம் ஆகாது. போட்ட நாள்தான் கணக்கு. ஆகவே இந்த 15 முதலீட்டுக்குப் போகிறது. வரைவு ஒத்துப்போனதற்குக் காரணமும் இதுதான்: பேலன்ஸ் ஷீட்டின் 'ரொக்கமும் வங்கி இருப்பும்' என்ற மொத்த வரியோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்த வரிக்கான குறிப்பைப் பிரித்துப் பார்த்தால் உண்மையான ரொக்கம் 6.

திருத்திப் போடுவோம். வரிக்கு முந்தைய லாபம் 30, தேய்மானம் 14, வட்டி 8 கூட்டி, பாய்லர் விற்ற லாபம் 3 கழித்தால் 49. சரக்கு கூடியதற்கு 12 கழிய வேண்டும்; பிசான நெல் மார்ச் கடைசியில் குடோனில் இறங்கும் ஊரில் இது இயல்பு. கடனாளிகள் கூடியதற்கு 5 கழித்து, நெல் பாக்கி கூடிய 4 சேர்த்து, கட்டிய வருமான வரி 7 கழித்தால் செயல்பாட்டில் 29. முதலீட்டில் மெஷினுக்கு 36, டெபாசிட்டுக்கு 15 போய், பாய்லரால் 9 வந்து, நிகரச் செலவு 42. நிதியில் 22-இலிருந்து வட்டி 8 போக 14. மூன்றும் சேர்த்தால் 1. தொடக்கம் 5, முடிவு 6.

வரைவில் செயல்பாடு 31, திருத்தியபின் 29. வித்தியாசம் 2 தானே என்று தோன்றும். உள்ளே 10 கூடுதலாகவும் 8 குறைவாகவும் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன. அடுத்த ஆண்டு மெஷின் பாக்கியைக் கட்டும்போது மறைப்பு விலகும். நெல் வியாபாரம் படுத்துவிட்டதுபோல 10 லட்சம் செயல்பாட்டில் குறையும். இந்த அறிக்கையை வைத்துத் தவணை கட்டும் திறனை எடைபோடும் வங்கியும், டிவிடெண்ட் எதிர்பார்க்கும் விவசாயியும் அப்போது தவறான முடிவுக்குத்தான் வருவார்கள்.

நிதியின் 22-ஐயும் அப்படியே விடக்கூடாது. புதிதாக வாங்கிய கடன் 40, திருப்பிக் கட்டியது 18. இரண்டையும் தனித்தனியே காட்டுவதுதான் விதி. பேலன்ஸ் ஷீட்டோடு பொருத்தும்போது ஒரு கவனம் வேண்டும். 2021 ஏப்ரல் முதல், நீண்டகாலக் கடனில் அடுத்த ஓராண்டுக்குள் கட்ட வேண்டிய தவணை குறுகியகாலக் கடன் தலைப்புக்குள் காட்டப்படுகிறது. நீண்டகால வரியை மட்டும் பார்த்தால் 22 வரவே வராது. அந்தத் தவணை வரியையும் சேர்த்துக்கொண்டு, வங்கி ஸ்டேட்மெண்டோடு ஒப்பிட வேண்டும்.

பிழை கண்ணில் பட்டால் இயக்குநர் குழு கையெழுத்திடும் முன்பே தணிக்கையாளரிடம் சொல்வது சுலபம். வரைவைத் திருத்தினால் போதும். கணக்கு நிறைவேறிய பிறகு அதையே மாற்ற நினைத்தால் பிரிவு 131-இன்கீழ் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும். அந்த வழிக்குப் போகாதவர்கள், அடுத்த ஆண்டு அறிக்கையில் முந்தைய ஆண்டுப் பத்தியைச் சரியான தலைப்புகளுக்கு மாற்றி, எந்தத் தொகை எங்கிருந்து எங்கே போனது என்று குறிப்பில் எழுதுகிறார்கள்.