கை உச்சிக்கு வரும்வரை: நான்-ஸ்ட்ரைக்கர் ரன் அவுட்

சிங்கப்பூரில் வார இறுதி கிரிக்கெட் ஆடும் தமிழர்களிடையே ஒரு சண்டையை மூட்டிவிட வேண்டுமா? பாலஸ்டியர் சாலை மைதானங்களில் ஆட்டம் முடிந்து காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது, “அஸ்வின் பட்லரை எடுத்தது சரியா?” என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். “சட்டத்தில் இருக்கிறதே” என்று பாதிப் பேர் சொல்வார்கள். “ஆனாலும் அது ஆட்டமா?” என்பார்கள் மீதிப் பேர். அந்தச் சட்டம் எந்த நொடியில் தொடங்கி எந்த நொடியில் முடிகிறது என்பதை இரண்டு தரப்பிலும் அதிகம் பேர் கேட்பதில்லை. வழக்கு முழுவதும் அந்த நொடியில்தான் இருக்கிறது.

நான்-ஸ்ட்ரைக்கர் என்பவர் பந்துவீச்சாளரின் பக்கம் நிற்கும் மட்டையாளர். பந்து போடப்படும்போது அவர் மெல்ல முன்னால் நகர்வது பழைய வழக்கம். இரண்டு கிரீஸ் கோடுகளுக்கும் இடையில் 17.68 மீட்டர். அதில் ஒரு மீட்டரை முன்கூட்டியே கடந்துவிட்டால் மிச்சமாகும் நேரம் ஏறத்தாழ 0.15 நொடி. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்பட்ட பந்து அந்த நேரத்தில் நான்கு மீட்டருக்கு மேல் பறந்துவிடும். மயிரிழையில் தப்பும் ரன் அவுட்டுகள் பெரும்பாலும் இதைவிடக் குறைந்த தூரத்தில்தான் முடிவாகின்றன.

இதைத் தடுக்கத்தான் சட்டம். பந்து ஆட்டத்துக்கு வந்த கணத்திலிருந்து, பந்துவீச்சாளர் வழக்கமாகப் பந்தை விடுவார் என்று எதிர்பார்க்கக்கூடிய கணம்வரை, நான்-ஸ்ட்ரைக்கர் கோட்டுக்கு வெளியே இருந்தால் அவரை ரன் அவுட் செய்யலாம். பந்து கையில் இருக்க அந்தக் கையால் ஸ்டம்பைக் கலைக்கலாம், பந்தை ஸ்டம்பின் மேல் எறியவும் செய்யலாம். முன்னெச்சரிக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. எச்சரிப்பது சிலர் கடைப்பிடித்த மரியாதை மட்டுமே. முயற்சி பலிக்காமல், பந்தும் போடப்படாவிட்டால் நடுவர் ‘டெட் பால்’ என்று அறிவிப்பார். அது ஓவரில் சேராது.

இனி பட்லர் கதை. 2019 மார்ச் 25, ஜெய்ப்பூரில் ஓர் ஐ.பி.எல். ஆட்டம். பஞ்சாப் எடுத்த 184 ரன்களை ராஜஸ்தான் துரத்துகிறது. பட்லர் 43 பந்துகளில் 69. பதின்மூன்றாவது ஓவரில் அஸ்வின் ஓடிவந்து, கடைசி அடியை வைத்து, கையைச் சுழற்றாமல் அப்படியே நின்றார். பட்லர் கோட்டைத் தாண்டினார். அஸ்வின் திரும்பி பெயில்ஸைத் தட்டினார். மூன்றாவது நடுவர் அவுட் கொடுத்தார். ராஜஸ்தான் 14 ரன்னில் தோற்றது. (பட்லருக்கு இது முதல் முறையும் அல்ல. 2014இல் எட்ஜ்பாஸ்டனில் இலங்கையின் சேனநாயக்க, முன்பே எச்சரித்துவிட்டு, அவரை இப்படியே அவுட் ஆக்கியிருந்தார்.)

காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அஸ்வினின் கால் கிரீஸுக்கு வந்தபோது பட்லர் கோட்டுக்குள் இருக்கிறார். பந்து வழக்கம்போல வந்திருந்தால் அது கையை விட்டுப் போயிருக்கும் நேரத்திலும் ஏறக்குறைய உள்ளேதான். வெளியே போனது அதற்குப் பிறகு. அப்படியென்றால் சட்டம் சொல்லும் ‘எதிர்பார்க்கக்கூடிய கணம்’ தாண்டிவிட்டதா? கை மேலே வரவே இல்லை, ஆகவே கணம் இன்னும் வரவில்லை என்றும் வாதிடலாம். வேறு நாளில், வேறு பந்தில் அந்தக் கை எப்போது உச்சிக்கு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, அது கடந்துவிட்டது என்றும் வாதிடலாம். சட்டங்களை எழுதும் லண்டனின் எம்.சி.சி.யே இதில் தடுமாறியது. முதலில் இரண்டு விதமாகவும் தீர்ப்பளிக்கலாம் என்ற தொனியில் பேசிவிட்டு, பிறகு மறுபடி ஆராய்ந்து, அஸ்வினின் இடைநிறுத்தம் மிக நீண்டது, அது ஆட்டத்தின் பண்புக்கு ஒத்ததல்ல என்றது. நிகழாத ஒரு செயல் எப்போது நிகழ்ந்திருக்கும் என்று நடுவரை ஊகிக்கச் சொன்னால் இப்படித்தான் ஆகும்.

அந்த ஊகம் ஏன் இவ்வளவு கடினம் என்பதற்கு உடலியக்கத்தில் விடை இருக்கிறது. சுழற்பந்து வீச்சாளரின் கை, தோளுக்கு நேராக நீட்டிய நிலையிலிருந்து தலைக்கு மேலே வர ஏறக்குறைய 0.05 நொடி போதும். ஒரு மனிதர் எதையாவது கண்டு உடலை அசைக்க 0.2 நொடியாவது வேண்டும். எனவே கை சுழலத் தொடங்கிய பிறகு, “இவர் வெளியே போய்விட்டார்” என்று பார்த்து நிறுத்த எந்தப் பந்துவீச்சாளராலும் முடியாது. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இதைத்தான் எதிர்ப்பாளர்கள் சூழ்ச்சி என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத் தோன்றவில்லை. கூக்ளி போடுகிறவரும் முன்பே தீர்மானித்து மட்டையாளரை ஏமாற்றுகிறவர்தானே. இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வழியில் ஸ்டம்பைக் கலைத்துப் பேசப்பட்ட மன்கட், சேனநாயக்க, அஸ்வின், தீப்தி சர்மா, ஸாம்பா எல்லாரும் சுழற்பந்து வீச்சாளர்கள். முழு வேகத்தில் ஓடிவரும் வேகப்பந்து வீச்சாளரால் கடைசி அடியில் உடலை நிறுத்த முடியாது. கபில் தேவ் போல விதிவிலக்குகள் உண்டு.

2022 அக்டோபரில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை இந்த விதி, ‘நியாயமற்ற ஆட்டம்’ பற்றிய 41ஆம் சட்டத்தில் இருந்தது. யாருடைய நியாயமின்மை என்று படிக்காதவர்கள், பந்துவீச்சாளரைத்தான் அது குற்றம் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது அது 38ஆம் சட்டத்துக்கு, மற்ற ரன் அவுட்டுகளோடு சேர்ந்துவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் லார்ட்ஸில் தீப்தி, சார்லி டீனை 47 ரன்னில் வெளியேற்றி இந்தியாவின் 16 ரன் வெற்றியை முடித்துவைத்திருந்தார். அங்கே டீன் கோட்டைத் தாண்டியது பந்து வரும் என்ற எண்ணத்தில், தீப்தியின் கை மேலே வருவதற்கு முன்பே. பட்லர் விவகாரத்தின் சிக்கல் அதில் இல்லை. ஆனாலும் கூச்சல் அதே அளவில் எழுந்தது.

பிறகு 2023 ஜனவரி 3, மெல்பர்ன். நான்-ஸ்ட்ரைக்கர் டாம் ரோஜர்ஸ் கோட்டுக்கு வெளியே இருக்க, ஸாம்பா ஸ்டம்பைக் கலைத்தார். மூன்றாவது நடுவர் அவுட் இல்லை என்றார். ஸாம்பாவின் கை உச்சியைத் தாண்டியிருந்தது. உடனே எம்.சி.சி. அதே மாதம் வாசகத்தைத் தெளிவாக்கியது: ‘எதிர்பார்க்கக்கூடிய கணம்’ என்பது பந்துவீச்சாளரின் கை தன் வழக்கமான வீச்சில் உச்சியை எட்டும் கணம். அதைத் தாண்டிய பிறகு, நான்-ஸ்ட்ரைக்கர் எவ்வளவு முன்பே கிளம்பியிருந்தாலும், இந்த வழியில் அவுட் ஆக்க முடியாது. பந்தைப் போட்டுவிட வேண்டியதுதான்.

ஸாம்பா போன்ற வழக்குகளை இது தீர்த்தது. கையைத் தூக்காமலே நின்றுவிடும் அஸ்வின் போன்ற வழக்கில் பழைய ஊகத்தின் ஒரு துண்டு இன்னும் மிஞ்சியிருக்கிறது. காணொளி இருந்தால் அந்தப் பந்துவீச்சாளரின் முந்தைய பந்துகளை வைத்துப் பார்க்கலாம். நம் வார இறுதி ஆட்டத்தில் அதுவும் இல்லை. நடுவரின் கண் அந்த நேரத்தில் நோ-பாலுக்காகப் பந்துவீச்சாளரின் முன்னங்காலில் இருக்கும்.

இத்தனைக்கும் சட்டத்தை மீறாமலே அதே ஒரு மீட்டரைப் பெறலாம். சுழற்பந்து, கையை விட்டு மட்டையாளரைச் சேர முக்கால் நொடி எடுக்கும். கை உச்சிக்கு வரும்வரை மட்டையைக் கோட்டுக்குள் ஊன்றியிருந்து அந்தக் கணத்தில் கிளம்புகிறவர், பந்து மட்டையில் படும்போது ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னால் வந்திருப்பார். வேகப்பந்துக்கு அரை நொடிதான் கிடைக்கும். அதில் அரை மீட்டருக்கு மேல் தேறாது.