சரணாகதி: கைவிடுதலா, அடைக்கலமா?

காவல் துறையிடம் குற்றவாளி சரணடைந்தான் என்று செய்தியில் படித்துப் பழகிய நமக்கு, இறைவனிடம் சரணாகதி என்றாலும் தோற்றவன் கைதூக்கி நிற்கும் காட்சியே மனத்தில் எழுகிறது. சொல்லின் பிறப்பு அதுவன்று. வடமொழியில் 'புகலிடம்' என்னும் பொருளுடைய ஒரு சொல்லும் 'திருவடி' என்னும் பொருளுடைய வேறொரு சொல்லும் தமிழ் எழுத்தில் 'சரணம்' என்றே ஒன்றாகிவிட்டதால், சரணாகதியைக் காலில் விழுதல் என்று பலர் கொள்கின்றனர். உண்மையில் அது சரணம், ஆகதி என்று பிரியும். புகலிடத்தை நோக்கி வருதல் என்பதே பொருள்.

இதற்குத் தமிழ்ச் சொல் அடைக்கலம். கம்பர் காவியத்தில் வீடணன் இராமனிடம் வந்து சேரும் பகுதி 'வீடணன் அடைக்கலப் படலம்' என்றே வழங்குகிறது. என் பார்வையில் இது மூலச் சொல்லைவிடவும் வளமானது. புகலிடத்தைக் குறிப்பதோடு, பாதுகாக்கும்படி ஒருவரிடம் ஒப்படைத்த பொருளையும் அது குறிக்கும். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைப்பது இப்பொருளில்தான். வைணவ ஆசிரியர்கள் சரணாகதிக்குக் கூறும் ஆறு அங்கங்களுள் ஒன்றான 'ஆத்ம நிக்ஷேபம்' என்பதும், தன்னையே காப்புப் பொருளாக ஒப்படைத்தலைக் குறிக்கிறது.

கைவிடுதலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகும். கைவிட்ட பொருளை எவரும் ஏற்க வேண்டியதில்லை. அது கீழே கிடக்கும். ஒப்படைப்பதற்கோ வாங்கிக்கொள்ளும் கை ஒன்று வேண்டும், அந்தக் கை காக்கும் என்ற உறுதியும் வேண்டும். 'அவன் நிச்சயம் காப்பான்' என்னும் அந்த உறுதியும் ஆறு அங்கங்களுள் ஒன்று. அது இல்லாமல் 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்வது பெரும்பாலும் களைப்பின் குரல்தான். அப்படிக் களைத்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

வீடணனையே பாருங்கள். அண்ணனுக்கு அறம் சொல்லி, அது ஏற்கப்படாத பின்னரே நான்கு துணைவரோடு இலங்கையை விட்டு வருகிறான். சுக்கிரீவன் ஐயுறுகிறான், அனுமன் ஏற்கலாம் என்கிறான், முடிவு தன் கையில் இல்லை என்று அறிந்தே வீடணன் காத்து நிற்கிறான். ஏற்கப்பட்டபின் அவன் ஓய்ந்து அமரவில்லை. இலங்கையின் காவல் வலிமையை எடுத்துரைக்கிறான். இந்திரசித்து நிகும்பலையில் செய்யும் வேள்வியை உரிய நேரத்தில் அறிவித்து, அதைத் தடுக்க இலக்குவனோடு தானும் செல்கிறான். இறைவனுக்கு உகந்ததைச் செய்வேன் என்னும் உறுதியும் சரணாகதியின் அங்கமாகையால், செயலை நிறுத்திவிடுவது அந்த அங்கத்துக்கே முரணாகும்.

நோயுற்றவர் மருந்தை நாள் தவறாமல் உண்டுகொண்டு, குணமாவது எப்போது என்ற கவலையை இறைவனிடம் வைத்தால் அது அடைக்கலம். மருந்தையே நிறுத்திவிட்டு அவன் விருப்பம் என்றால், அது கைவிடுதல்.