நள்ளிரவில் பூஜ்ஜியமாகும் எண்

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “212 நாட்களாக ஒரு செயலியில் மொழி கற்றுவருகிறேன். சென்ற வாரம் கடும் காய்ச்சல். ஆனாலும் இரவு 11.50 மணிக்கு எழுந்து, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த முதல் பாடத்தையே மறுபடி செய்து முடித்துவிட்டுப் படுத்தேன். புதிதாக ஒரு சொல்கூடக் கற்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன்? இது என் பலவீனமா?”

பலவீனம் இல்லை. அந்த 11.50 மணி, செயலியின் வடிவமைப்பிலேயே இருக்கிறது. மொழி கற்கும் செயலிகளிலும் உடற்பயிற்சிச் செயலிகளிலும் ‘ஸ்ட்ரீக்’ என்று காட்டப்படும் தொடர்நாள் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது புரியும்.

அடிப்படை உளவியல் பலருக்கும் தெரிந்ததுதான். கிடைப்பதன் மகிழ்ச்சியைவிட, கையில் இருப்பதை இழக்கும் வலி பெரிது. டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதை ஒரு கோட்பாடாக முன்வைத்தார்கள். 1992-இல் அந்த வலியைச் சுமார் 2.25 மடங்கு என்று கணக்கிட்டார்கள். எல்லாச் சூழலுக்கும் இதே எண் பொருந்தாது. ஆனால், இழப்பு கூடுதலாக உறுத்துகிறது என்பது போதும்.

என்னை வியக்க வைப்பது அடுத்த படி. இழக்கும் பயம் வர வேண்டுமானால் இழப்பதற்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். செயலி அந்தப் பொருளைத் தானே உண்டாக்குகிறது. சாரத்தில் அதற்குத் தேவை இவ்வளவுதான்:

```
if gap == 1:
    streak = streak + 1
elif gap > 1:
    streak = 1
```

`gap` என்பது கடைசியாகப் பயிற்சி செய்த நாளுக்கும் இன்று பயிற்சி செய்யும் நாளுக்கும் உள்ள இடைவெளி. அது ஒரு நாள் என்றால் எண் ஒன்று கூடும். ஒரு நாளைத் தாண்டிவிட்டால் பழைய எண் அழிந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஏறும்போது படிப்படியாக ஏறுகிறது, விழும்போது அடிவரை விழுகிறது. மூன்று நாள் சேர்ந்த பிறகு தவறவிட்டால் போவது மூன்று. 212 நாள் சேர்ந்த பிறகு தவறவிட்டால் போவது 212. இரண்டு இடத்திலும் தவறு ஒன்றுதான், ஒரு நாள். ஆனால் தண்டனை நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டே போகிறது. பழக்கம் வேரூன்றி, தூண்டுதலின் தேவை குறைந்துவிட்ட பிறகுதான் பயம் உச்சத்தில் இருக்கிறது.

இப்போது நம் மூளை நாட்களை எப்படி எண்ணுகிறது என்று பார்ப்போம். மொழி கற்பிக்கும் டூயோலிங்கோ நிறுவனத்தில் பர் செட்டில்ஸ், பிரெண்டன் மீடர் இருவரும் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், மறதியை ஓர் அரைவாழ்வுச் சூத்திரமாக எழுதினார்கள்:

```
p = 2^(-Δ/h)
```

`p` ஒரு சொல் நினைவில் இருக்கும் வாய்ப்பு. `Δ` அதைக் கடைசியாகப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. `h` அந்தச் சொல்லின் அரைவாழ்வு, அதாவது நினைவு பாதியாகக் குறைய ஆகும் காலம். கதிரியக்கப் பாடத்தில் படித்த அதே கணக்கு. ஒரு சொல்லின் அரைவாழ்வு 20 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் கழித்து அது நினைவில் இருக்கும் வாய்ப்பு சுமார் 97 விழுக்காடு. இரண்டு நாள் கழித்து 93 விழுக்காடு. இப்படிப்பட்ட நூறு சொற்களை வாசகர் அந்தக் காய்ச்சல் இரவில் தொடாமல் விட்டிருந்தால், கூடுதலாக மறந்திருக்கக்கூடியவை மூன்று அல்லது நான்கு. அவையும் மறுநாள் ஒருமுறை பார்த்தால் திரும்பிவிடும். சற்றே மங்கத் தொடங்கிய சொல்லை முயன்று நினைவுகூரும்போது அது இன்னும் ஆழமாகப் பதிகிறது என்பதும் நினைவாற்றல் ஆய்வுகளில் உறுதிப்பட்ட விஷயம். அவர் உண்மையில் செய்த பாடமோ, பல மாத அரைவாழ்வு கொண்ட சொற்களால் ஆனது. அதனால் கிடைத்த பயன் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நினைவு சரிவில் மெல்ல இறங்குகிறது. ஸ்ட்ரீக் செங்குத்தாக விழுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டில்தான் அறக்கேள்வி இருக்கிறது. திரையில் பெரிய எழுத்தில் மின்னும் எண்ணை நாம் ‘என் முன்னேற்றம்’ என்று படிக்கிறோம். அது அளப்பதோ தவறாமல் ஏதாவதொரு பயிற்சி செய்த நாட்களை மட்டுமே. அந்த எண்ணைக் காப்பாற்றும் ‘உறைய வைத்தல்’ வசதியையும் செயலிகளே தருகின்றன. சிலவற்றில் அதை விளையாடிச் சேர்த்த புள்ளிகளால் வாங்கலாம். அந்தப் புள்ளிகளைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். பள்ளத்தை வெட்டியவரே பாலத்துக்குச் சுங்கம் வசூலிப்பது முறையாகாது என்பது என் உறுதியான கருத்து. பயிற்சி வேண்டும் என்று நான் சம்மதித்தேன். நோயுற்ற இரவில் பயந்து எழுவதற்குச் சம்மதிக்கவில்லை.

உடற்பயிற்சியில் இது இன்னும் கடுமையானது, ஏனெனில் தசைக்கு ஓய்வும் பயிற்சியின் பகுதிதான். ஆப்பிள் வாட்ச் 2015-இல் வந்தது. அதன் தினசரி இலக்கு வளையங்களைத் தொடர்கணக்கு உடையாமல் நிறுத்திவைக்கும் வசதி 2024-இல்தான் வந்தது. காய்ச்சலும் காயமும் மனிதருக்கு வரும் என்பதைக் கணக்கில் சேர்க்க ஒன்பது ஆண்டுகள்!

எண்ணை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கல்விச் செயலி அல்லாத ஓரிடத்தில் இதற்கு அருமையான சான்று இருக்கிறது. நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளம், 2016-இல் முன்னறிவிப்பின்றித் தன் ஸ்ட்ரீக் எண்ணை நீக்கியது. முன்னும் பின்னும் ஒப்பிட்டு மோல்டன், ஸ்ட்ரோமயர், வாக்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, நீண்ட தொடர்கள் கைவிடப்பட்டதையும் வார இறுதி வேலை குறைந்ததையும் காட்டியது. என் கண்ணை ஈர்த்தது வேறொன்று: நாளுக்கு ஒரேயொரு பங்களிப்பு மட்டும் செய்யும் நாட்கள் குறைந்தன. நம் வாசகரின் 11.50 மணிப் பாடம் போன்றவைதான் அவற்றில் பல என்று நான் எண்ணுகிறேன்.

தொடக்க வாரங்களில் ஸ்ட்ரீக் உதவுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அது உடையும் நாளில் பலர் செயலியையே விட்டு விலகுகிறார்கள். உடைந்த தொடரைக் கண்முன் காட்டினால் மக்கள் அந்தச் செயலைத் தொடர்வது குறைகிறது என்று சில்வர்மன், பராஷ் ஆகியோரின் ஆய்வு சொல்கிறது. உண்மையான பழக்கமோ அவ்வளவு நொய்மையானது இல்லை. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. ‘ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு’ என்பது சகுனம் பார்ப்பதற்கு இணையான நம்பிக்கை. அதைப் படித்தவர்களின் கைப்பேசியில் விதைத்திருக்கிறோம்.

மாற்று வடிவமைப்பு கடினமும் அல்ல. ‘கடந்த 30 நாட்களில் 29’ என்று காட்டலாம். ஒரு நாள் தவறினால் ஒன்றுதான் குறையும். ஆனால் எந்த வடிவம் ஓராண்டுக்குப் பின் அதிகச் சொற்களை மனத்தில் நிறுத்துகிறது என்று சோதிக்கும் வாய்ப்பு பெரும்பாலும் நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் இதைத் தனித்து, நீண்டகாலம் ஆராயப் பொதுப்பணம் தேவை. பயனர் திரும்பி வருகிறாரா என்பதை மட்டும் பார்க்கும் சோதனையில் காய்ச்சல் இரவும் வெற்றியாகவே பதிவாகும்.

வாசகருக்கு ஒரு சிறு வேலை. உங்கள் செயலியில் பயிற்சி வரலாறு இருந்தால் கடந்த ஒரு மாதத்தைத் திறந்து பாருங்கள். இரவு 11 மணிக்குமேல் செய்த பாடங்கள் எத்தனை, அவற்றில் ஏற்கெனவே முடித்த பாடங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த இரண்டாம் எண்ணை 212-இலிருந்து கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.