6 மீட்டர் ஆழத்துக்கு 50 மீட்டர் கயிறு எதற்கு?

நங்கூரம் தன் எடையால்தான் படகைப் பிடித்து நிறுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 10 கிலோ இரும்பு கடலடியில் சும்மா கிடந்தால் ஒரு பைபர் வள்ளத்தை நிறுத்த முடியாது. தண்ணீருக்குள் அதன் எடை இன்னும் ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். உண்மையில் படகைப் பிடிப்பது தரை. நங்கூரத்தின் கொக்கியோ தகடோ மணலுக்குள் புதைந்து, தனக்கு முன்னால் இருக்கும் மணல் முழுவதையும் எதிர்ப்பாக மாற்றுகிறது. அப்படிப் புதைய வேண்டுமானால் கயிறு நங்கூரத்தைத் தரையோடு ஒட்டிக் கிடைமட்டமாக இழுக்க வேண்டும். கயிறு மேல்நோக்கி இழுத்தால், மேழியை அமுக்கிப் பிடிக்காத ஏர்க்கொழுபோல நங்கூரமும் மேலே கிளம்பிவிடும்.

உவரிக்கு வெளியே 8 மீட்டர் நீள வள்ளம் ஒன்று நங்கூரம் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஆழம் 6 மீட்டர், அதாவது மூன்றேகால் பாகம். கயிறு கட்டும் அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீர் மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த ஒரு மீட்டரைப் பலர் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் அது பெரிய பிழை. ஆக மொத்த உயரம் 7 மீட்டர். விட்ட கயிற்றின் நீளத்தை இந்த உயரத்தால் வகுத்தால் வருவதுதான் கயிற்று விகிதம். 21 மீட்டர் விட்டால் 3 மடங்கு, 35 விட்டால் 5 மடங்கு, 49 விட்டால் 7 மடங்கு.

கயிறு விறைத்து நேராக நிற்கும்போது, அதன் இழுவையில் எத்தனை பங்கு மேல்நோக்கிப் போகிறது என்பதையும் இதே எண் சொல்லிவிடும். காற்றும் அலையும் சேர்ந்து 90 கிலோ அளவுக்கு இழுக்கின்றன என்றால், 3 மடங்கு கயிற்றில் அதில் மூன்றில் ஒரு பங்கு, 30 கிலோ, நங்கூரத்தைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கும். 5 மடங்கில் அது 18 கிலோ, 7 மடங்கில் 13 கிலோ. 10 மடங்குக்குப் போனாலும் 9 கிலோவுக்குத்தான் இறங்கும். அதனால் 3-லிருந்து 7-க்குப் போவதில் கிடைக்கும் லாபம் 7-லிருந்து 10-க்குப் போவதில் இல்லை. பகலில், அமைதியான கடலில், ஆள் விழித்திருக்கும்போது 4 அல்லது 5 மடங்கு போதும். இரவு தங்கலுக்கும் காற்றுக்கும் 7 மடங்கு வேண்டும். இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் அதற்காகப் பெரிதாகக் கூட்ட வேண்டியதில்லை.

நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே 4 மீட்டர் சங்கிலி கட்டுவது நல்லது. 8 மில்லிமீட்டர் சங்கிலியின் எடை மீட்டருக்கு ஏறத்தாழ 1.4 கிலோ. அது தரையில் படிந்து கிடப்பதால் இழுவை கிடைமட்டமாகவே இருக்கும். பாறையில் உரசினாலும் அறுந்துபோகாது. ஆனால் பலத்த காற்றில் சங்கிலியும் தூக்கி விறைத்துவிடும். அதன்பிறகு கணக்கு கயிற்று நீளத்தோடுதான். கயிறு நைலானாக இருக்கட்டும். அது தண்ணீரில் அமிழும், இழுபட்டு நீண்டு அலையின் வெட்டைத் தாங்கும். மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், பக்கத்துப் படகின் இன்ஜின் விசிறியில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

இனி தரை. ஈயக் குண்டின் அடியில் சோப்பையோ கிரீஸையோ தடவி இறக்கிப் பார்த்தால், ஒட்டிக்கொண்டு வருவது மணலா சேறா என்று தெரிந்துவிடும். ஒன்றுமே ஒட்டாமல், தட்டுகிற அதிர்வு மட்டும் கைக்குத் தெரிந்தால் அது பார், அதாவது பாறைத் தரை. நம் கரையில் அதிகம் புழங்குவது, பட்டறையில் கம்பியை வளைத்து வெல்டிங் செய்த நான்கைந்து கொக்கி நங்கூரம். பாரில் அது நன்றாக மாட்டும். மணலில் அதன் மெல்லிய கம்பி மணலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். மணலுக்கும் சேற்றுக்கும் அகன்ற இரட்டைத் தகடு கொண்ட மடக்கு நங்கூரம்தான் சரி. கடற்புல் இருக்கும் இடம் எல்லாவற்றையும்விட மோசம். நங்கூரம் புல் வேரில் சிக்கி, பிடித்ததுபோலக் காட்டும். இழுவை கூடியதும் புல் கொத்தோடு பிய்த்துக்கொண்டு வரும். பவளம் உள்ள இடத்தில் நங்கூரம் போடவே கூடாது. உடைந்த பவளம் மீள வருடக்கணக்கில் ஆகும்.

போடும்போது காற்றையோ நீரோட்டத்தையோ, இரண்டில் எது பலமோ அதை எதிர்த்து மெதுவாகப் போய், படகு நின்று பின்னால் நகரத் தொடங்கியதும் நங்கூரத்தைக் கையால் இறக்க வேண்டும். வீசி எறிந்தால் சங்கிலி கொக்கியில் சுற்றிக்கொள்ளும். படகு பின்வாங்கப் பின்வாங்கக் கயிற்றை விட்டு, மூன்றில் ஒரு பங்கு போனதும் ஒருமுறை லேசாகப் பிடித்து இழுத்தால் தகடு தரையைக் கௌவும். மீதியையும் விட்டு அணியத்தில் கட்டிய பிறகு, இன்ஜினை ரிவர்ஸில் போட்டுப் படிப்படியாகக் கூட்டிப் பாருங்கள். படகின் பின்பக்கமான அமரத்தில் கட்டக் கூடாது. ஏற்கெனவே இன்ஜின் கனத்தில் தாழ்ந்திருக்கும் பக்கம் அது, அலை நேராக உள்ளே ஏறிவிடும்.

ரிவர்ஸில் இருக்கும்போதே கயிற்றின் மேல் உள்ளங்கையை வையுங்கள். பிடித்த நங்கூரத்தின் கயிறு சீராக விறைத்து அசையாமல் இருக்கும். இழுபடும் நங்கூரத்தின் கயிறு குறுகுறுவென்று அதிரும், அல்லது விறைப்பதும் தளர்வதுமாக மாறி மாறி வெட்டும். அடுத்தது, கரையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தெரியும் இரண்டு அடையாளங்கள்: முன்னால் கோயில் கோபுரம், பின்னால் ஒரு காற்றாலை என்று எதையாவது படகின் பக்கவாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். படகு ஊசலாடும்போது இரண்டும் சற்று விலகி மறுபடி சேரும். விலகிக்கொண்டே போய்ச் சேராமல் இருந்தால் நங்கூரம் நகர்கிறது. ஜிபிஎஸ்ஸிலும் இதே வேறுபாடுதான்: ஊசலாட்டம் ஒரு வில்லாக வரும், இழுபடல் காற்று போகும் திசையில் கோடாக நீளும். அணியம் காற்றை நோக்கி நிற்காமல் படகு குறுக்காகத் திரும்பிக் கிடந்தாலும் சந்தேகப்படுங்கள். கரை தெரியாத இருட்டில், ஒரு ஈயக் குண்டைத் தரை தொடும்வரை இறக்கி, கொஞ்சம் தளர்வு விட்டு வைக்கலாம். அந்தக் கயிறு முன்பக்கமாக விறைத்து நிற்கத் தொடங்கினால் படகு பின்னால் போய்க்கொண்டிருக்கிறது.

ராதாபுரம் பக்கத்துக் கடலில் இது வேகமாக மோசமாவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரத்தில் அலை எழும்பாததால் காற்றின் பலம் கண்ணுக்குத் தெரியாது. காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். 6 மீட்டர் ஆழத்தில் 35 மீட்டர் கயிற்றோடு, 5 மடங்கில் நின்ற வள்ளம் இழுபட்டு 10 மீட்டர் ஆழத்துக்குப் போனால், அதே கயிறு இப்போது 11 மீட்டர் உயரத்துக்குப் பங்காகிறது. விகிதம் 3-க்குச் சற்று மேல். நகர நகரப் பிடி குறைகிறது, பிடி குறையக் குறைய நகர்வு கூடுகிறது. கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று அடித்தால் இது தலைகீழ். படகு ஆழம் குறைந்த பக்கம் வருவதால் விகிதம் கூடும், ஆனால் பின்னால் அலை உடையும் கரை காத்திருக்கும்.

இழுபடுகிறது என்று உறுதியானதும் முதலில் 15 மீட்டர் கயிறு கூடுதலாக விடுங்கள். விட்டதும் திடீரென்று முடிச்சில் வெட்டாமல், கையால் தடுத்துத் தடுத்து விட வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால் இன்ஜினைப் போட்டு, நங்கூரத்தை முழுதாக மேலே எடுத்துப் பாருங்கள். தகட்டில் புல்லோ களிமண் உருண்டையோ அடைத்திருந்தால், அது எத்தனை முறை விழுந்தாலும் புதையாது. சுத்தம் செய்து, வேறு இடத்தில், மறுபடி காற்றை எதிர்த்துப் போய்ப் போடுங்கள்.

பாரில் போடுவதென்றால் எடுக்கும் வழியையும் முன்பே கட்டிவிட வேண்டும். சங்கிலியை நங்கூரத்தின் அடிமுனையில் மாட்டி, தண்டின் மேல் வளையத்தில் மெல்லிய சணல் நூலால் மட்டும் கட்டுவார்கள். நேர் மேலே படகைக் கொண்டுவந்து ஓங்கி இழுத்தால் நூல் அறுந்து, நங்கூரம் அடியிலிருந்து தலைகீழாகக் கழன்று வரும். இப்படிக் கட்டியதை இரவில் நம்பித் தூங்கக் கூடாது. பலத்த அலை வெட்டில் அந்த நூல் தானாகவும் அறுந்துவிடும்.